பாடம் 7: அறிவிப்பாளர் தொடரை எடைபோட்ட விதம்

நம்பகமானவர்கள், நம்பகமற்றவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது. ஹதீஸ்களை, அதாவது நபிமொழிகளை, ஆராய்ந்த ஹதீஸ்கலை அறிஞர்கள் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். இந்த வகுப்புக்கு வரும் மாணவர்களில் பலர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். பட்டியல்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவை வேலையின் விளைவு. வேலை அவற்றுக்கு முந்தியது. ஒருவருடைய அறிவிப்பை மற்றவர்களின் அறிவிப்போடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்தது. இந்தப் பாடம் முழுக்க அந்த ஒப்பீட்டைப் பற்றியது.

ஒரு தொடரைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ், 'செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன' என்பது. அந்த வாசகத்தை எட்டுவதற்கு முன் ஆறு பெயர்களைக் கடக்க வேண்டும். புகாரிக்கு அல்ஹுமைதீ சொன்னார். அவருக்கு சுஃப்யான் பின் உயைனா. அவருக்கு யஹ்யா பின் ஸயீத் அல்அன்ஸாரீ. அவருக்கு முஹம்மத் பின் இப்ராஹீம் அத்தைமீ. அவர் அல்கமா பின் வக்காஸிடம் கேட்டார். அல்கமா, உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று சொல்லக் கேட்டார். இந்தப் பெயர் வரிசைதான் இஸ்னாத். அதன் முடிவில் வரும் வாசகம் மத்ன்.

இந்த ஒரு தொடரைச் சோதிக்கவே ஐந்து கேள்விகள் வேண்டும். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ், தமக்கு முன் நானூறு ஆண்டுகளாக நடந்துவந்ததைச் சுருக்கி ஸஹீஹுக்கு, அதாவது ஆதாரப்பூர்வமான ஹதீஸுக்கு, இலக்கணம் எழுதினார். தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும். ஒவ்வோர் அறிவிப்பாளரும் நேர்மையாளராக (அத்ல்) இருக்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடி காப்பவராக (ளப்த்) இருக்க வேண்டும். தம்மைவிட வலுவானவர்களுக்கு முரணாக அவர் அறிவித்திருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத குறை (இல்லத்) எதுவும் உள்ளே ஒளிந்திருக்கக் கூடாது. முதல் மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு பின் இரண்டையும் மறந்துவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் குறை. கலையின் உயிர் அந்தப் பின் இரண்டில்தான் இருக்கிறது.

முதலில் தொடர் அறுபடாமை. ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். யஹ்யா பின் ஸயீத் ஹிஜ்ரி 143 வாக்கில் இறந்தார். சுஃப்யான் 107இல் பிறந்தவர், கேட்டிருக்க முடியும். அல்ஹுமைதீ மக்காவில் 219இல் இறந்தார். புகாரி 194இல் பிறந்து, இளம் வயதிலேயே ஹஜ்ஜுக்குச் சென்று மக்காவில் தங்கிப் படித்தவர். அவரும் கேட்டிருக்க முடியும். ஆனால் 'கேட்டிருக்க முடியும்' என்பது போதுமா? இதில் பெரிய அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஓர் அறிவிப்பாளர் 'எனக்குச் சொன்னார்' என்று சொல்லாமல் 'இன்னாரிடமிருந்து' என்று மட்டும் சொன்னால், இருவரும் ஒரே காலத்தவராகவும் சந்தித்திருக்கக் கூடியவராகவும் இருந்தாலே போதும் என்றார் இமாம் முஸ்லிம். ஒரு முறையேனும் சந்தித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது எதிர்த்தரப்பு; புகாரியின் நிலையும் அவருடைய ஆசிரியர் அலீ இப்னுல் மதீனீயின் நிலையும் இதுவே என்று பின்வந்தவர்கள் கூறுகிறார்கள். முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் எதிர்த்தரப்பைச் சாடும் வேகத்தைப் படிக்கும்போது, இது அவர்களுக்கு எவ்வளவு முக்கியமான பிரச்சினை என்பது புரியும்.

இந்தக் கேள்வி ஏன் எழுந்தது? சிலர் தம் ஆசிரியரிடம் நேரில் கேட்காத ஒன்றையும், நடுவில் இருந்தவரை விட்டுவிட்டு, கேட்டதுபோலத் தோன்றும்படி அறிவித்தார்கள். இதற்குத் தத்லீஸ் என்று பெயர். பொய்யர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. அல்அஃமஷ், ஹுஷைம் போன்ற மதிப்புக்குரியவர்களிடமும் இது இருந்தது. எகிப்து அறிஞர் அல்லைஸ் பின் ஸஅத் இதை எதிர்கொண்ட விதம் நல்ல எடுத்துக்காட்டு. மக்காவில் அபுஸ் ஸுபைர் அவரிடம் ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸ்கள் அடங்கிய ஏடுகளைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பிய லைஸுக்கு ஐயம் எழுந்தது. மறுபடியும் போய், 'இவை அனைத்தையும் ஜாபிரிடம் நீங்களே கேட்டீர்களா?' என்று கேட்டார். சிலவற்றைத் தாம் கேட்டதாகவும், சிலவற்றைப் பிறர் தமக்குச் சொன்னதாகவும் அபுஸ் ஸுபைர் ஒப்புக்கொண்டார். நேரில் கேட்டவற்றுக்கு மட்டும் அடையாளம் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார் லைஸ். அபுஸ் ஸுபைரிடமிருந்து லைஸ் அறிவித்தால் அதில் தத்லீஸ் அச்சம் இல்லை என்று பிற்கால அறிஞர்கள் கூறுவது இதனால்தான்.

இனி நேர்மையும் நினைவாற்றலும். 'அவர்கள் இஸ்னாதைப் பற்றிக் கேட்டதில்லை, குழப்பம் ஏற்பட்டபோது, உங்களுக்கு அறிவித்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள்' என்று இப்னு சீரீன் (இறப்பு ஹி. 110) கூறியதை முஸ்லிம் பதிவு செய்கிறார். அதன்பின் ஒவ்வொரு தலைமுறையிலும் அறிவிப்பாளர்களை எடைபோடுவது ஒரு துறையாகவே வளர்ந்தது. பஸ்ராவில் ஷுஃபா, அவருக்குப் பின் யஹ்யா அல்கத்தான், பிறகு யஹ்யா பின் மயீன், அலீ இப்னுல் மதீனீ, அஹ்மத் பின் ஹன்பல் என்று அந்த வரிசை நீளும். இதில் உறவு பார்க்கவில்லை. அலீ இப்னுல் மதீனீ தம் தந்தை அப்துல்லாஹ்வையே பலவீனமானவர் என்றார். மார்க்க விஷயம் என்பதால் சொன்னதாக அவரே விளக்கினார். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் நல்லவர் என்பதால் ஒருவரின் அறிவிப்பு சரியாகிவிடாது. எகிப்தின் காழீ இப்னு லஹீஆவை எடுத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் 'இஹ்தஜம', அதாவது இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் அறிவித்தார். மற்றவர்களின் அறிவிப்பில் இருப்பது 'இஹ்தஜர', அதாவது பாயால் சிறு தடுப்பு அமைத்துக்கொண்டார்கள் என்பது. கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. நிகழ்ச்சியோ முற்றிலும் வேறாகிவிட்டது. ஆசிரியரிடம் வாயால் கேட்காமல் ஏட்டிலிருந்து எடுத்ததால் வந்த பிழை என்று முஸ்லிம் காரணம் சொல்கிறார். இப்னு லஹீஆவைப் பொய்யர் என்று அவர் சொல்லவில்லை. எந்த இடத்தில், எதனால் தவறினார் என்பதைக் காட்டினார்.

இப்படிப் பிழையின் இடத்தைக் கண்டறிவது எப்படி? இப்னு மயீன் பற்றிய ஒரு செய்தி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஹம்மாத் பின் ஸலமாவின் நூல்களைக் கேட்க அவர் பஸ்ராவில் மூஸா பின் இஸ்மாயீலிடம் சென்றார். 'இவற்றை வேறு யாரிடமும் கேட்கவில்லையா?' என்றார் மூஸா. 'பதினேழு பேரிடம் கேட்டுவிட்டேன்; நீங்கள் பதினெட்டாமவர்' என்றார் இப்னு மயீன். எதற்காக என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலின் கருத்து இது: ஹம்மாத் சில இடங்களில் தவறியிருக்கிறார், அவருடைய தவறையும் அவருடைய மாணவர்களின் தவறையும் பிரித்தறிய வேண்டும். மாணவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் சொன்னால் அது ஹம்மாதுடையது. எல்லோரும் ஒன்றைச் சொல்ல, ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னால் தவறு அந்த ஒருவருடையது.

இதைப் படித்தபின் 'நம்பகமானவர்' என்ற சொல்லை நீங்கள் வேறு விதமாகத்தான் புரிந்துகொள்ள முடியும். ஒருவருடைய அறிவிப்புகள் மற்ற மாணவர்களின் அறிவிப்புகளோடு திரும்பத் திரும்ப ஒத்துவந்தால் அவர் ளாபித் என்று அறியப்பட்டார். திரும்பத் திரும்ப விலகினால் பலவீனமானவர் ஆனார். ஒரு பொருள் பற்றிய எல்லா வழிகளையும் ஒன்றுதிரட்டாவிட்டால் அதிலுள்ள தவறு வெளிப்படாது என்று இப்னுல் மதீனீ சொன்னதும் இதையே. இப்னு ஹஜர் (இறப்பு ஹி. 852) தம் 'தக்ரீப்' நூலில் ஓர் அறிவிப்பாளரை இரண்டு மூன்று சொற்களில் தரம் பிரிக்கும்போது, அந்தச் சொற்களுக்குப் பின்னால் இத்தகைய நூற்றுக்கணக்கான ஒப்பீடுகள் நிற்கின்றன.

இப்போது முதல் ஹதீஸுக்குத் திரும்பினால் இரண்டு விஷயங்கள் புலப்படும். உமர் (ரலி) முதல் யஹ்யா பின் ஸயீத் வரை ஒவ்வொரு படியிலும் ஒருவர்தான் நிற்கிறார். இதற்கு ஃகரீப் என்று பெயர். யஹ்யாவுக்குப் பின் மாலிக், சுஃப்யான் அஸ்ஸவ்ரீ, ஹம்மாத் பின் ஸைத் என்று பலரிடம் அது பரவுகிறது. தனி ஒருவர் அறிவித்தார் என்பதே குறை ஆகாது. நம்பத்தக்கவர் தனித்து அறிவித்தால் ஏற்றார்கள், நம்பத்தக்கவர்களுக்கு எதிராக அறிவித்தால்தான் தள்ளினார்கள். இரண்டாவது, புகாரியின் இந்த முதல் இடத்தில் 'யாருடைய ஹிஜ்ரத் அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும் இருந்ததோ' என்ற பகுதி இல்லை. அல்ஹுமைதீயின் சொந்த நூலான முஸ்னதில் இருக்கிறது. விளக்கவுரையாளர்கள் இதை விடாமல் விவாதித்தார்கள். ஸஹீஹ் என்று ஏற்ற பிறகும் ஒப்பிடுவதை நிறுத்தவில்லை.

தமிழ் மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் ஒன்றுக்கு இதே அளவுகோலை வைப்போம்: 'சீனா சென்றேனும் சீர்கல்வி தேடு'. இதன் அறியப்பட்ட வழி அபூ ஆத்திகா என்பவர் அனஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிப்பது. அபூ ஆத்திகாவை புகாரி 'முன்கருல் ஹதீஸ்', அதாவது ஏற்கத்தகாத ஹதீஸ்களை அறிவிப்பவர் என்றார். அது அவருடைய கடுமையான விமர்சனங்களில் ஒன்று. இப்னு ஹிப்பான் இதற்கு அடிப்படையே இல்லை என்றார். இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்தார். பைஹகீ, வாசகம் பிரபலமானது, தொடர் பலவீனமானது என்று மென்மையாகச் சொன்னார். கல்வி தேடுவது கடமை என்ற பகுதி வேறு வழிகளிலும் வந்திருப்பதால் அதைத் தனியே எடைபோட வேண்டும். கருத்து நல்லது என்பதால் நபியின் வாக்கு என்று சொல்லிவிட முடியாது. மேடையில் பேசுபவர்கள் இதில் காட்டும் அலட்சியம் எனக்கு வருத்தமளிக்கிறது.

நவீன ஆய்வாளர்கள் இந்த முறையை வேறு கோணத்தில் விசாரிக்கிறார்கள். கோல்ட்ஸிஹர், 1950இல் நூல் வெளியிட்ட ஷாஃக்ட் ஆகியோர், இஸ்னாதுகள் காலப்போக்கில் பின்னோக்கி வளர்க்கப்பட்டன என்று வாதிட்டார்கள். பல வழிகள் பிரிந்து செல்லும் பொது அறிவிப்பாளரை ஷாஃக்ட் ஐயத்தோடு பார்த்தார். அஃஸமீ அதை மறுத்து எழுதினார். அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃப் என்ற பழைய ஹதீஸ் தொகுப்பை ஆராய்ந்த மோட்ஸ்கி, வாசக வேறுபாடுகளையும் தொடர்களையும் சேர்த்து வைத்துப் பார்த்து, பல செய்திகள் ஷாஃக்ட் நினைத்ததைவிடப் பழையவை என்றார். முடிவுகள் எவ்வளவு மாறுபட்டாலும், மோட்ஸ்கி செய்ததும் வழிகளைத் திரட்டி ஒப்பிடும் வேலைதான். இதை ஒன்பதாம் பாடத்தில் விரிவாகப் பார்ப்போம்.

அடுத்த வகுப்புக்கான பயிற்சி: எண்ணங்கள் பற்றிய ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் ஏழு இடங்களில் வருகிறது. ஏழையும் எடுத்து, யஹ்யா பின் ஸயீதுக்குக் கீழே யார் யார் அறிவிக்கிறார்கள் என்று கிளைப்படம் வரையுங்கள். வாசகம் எங்கெங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதைக் கிளைகளின் அருகிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் பெயர்களை மட்டும் அரபு மூலத்தோடு சரிபார்த்துவிடுங்கள். ஒரே பெயருடைய இரண்டு சுஃப்யான்கள் இதில் வருகிறார்கள்.