1871 முதல் 1940 வரை: காரணமும் விளைவும் கோத்த காலக்கோடு

நவீன வரலாறு, இறுதித் தேர்வுக்காக. நம் நாலு பேருக்கும் பொது.

வகுப்புக் குறிப்பில் இருந்த தேதிகளில் பாதிக்கு மேல் இதில் இல்லை. ஒரு தேதி உள்ளே வர ஒரே நிபந்தனை: முந்தைய ஏதோ ஒன்று அதைத் தள்ளியிருக்க வேண்டும், அல்லது அது பிந்தைய ஒன்றைத் தள்ள வேண்டும். வெர்டனும் ஸோமும் எவ்வளவு பெரிய போர்களானாலும் இந்தச் சங்கிலிக்கு அவை தேவைப்படவில்லை. தனித் தாளில் இருக்கின்றன.

மூன்று அடையாளச் சொற்கள். விறகு: ஆண்டுக்கணக்கில் அடுக்கி வந்த காரணம். பொறி: அன்றைக்குப் பற்ற வைத்தது. கதவு: தடுத்திருக்க வேண்டியவர்கள் தடுக்காமல் திறந்து விட்டது. "உடனடிக் காரணம்" என்று கேட்டால் பொறியை எழுதுங்கள். "காரணங்களை விளக்குக" என்றால் விறகிலிருந்து தொடங்குங்கள்.

## விறகு அடுக்கிய காலம், 1871–1913

1871 ஜனவரி 18. பிரான்ஸைத் தோற்கடித்த கையோடு, வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு அறிவிப்பு. தோற்றவன் வீட்டுக் கூடத்திலேயே பட்டாபிஷேகம். இந்த மண்டபத்தை மறக்காதீர்கள், 1919இல் திரும்ப வருகிறது.

1871 மே 10. பிராங்பர்ட் உடன்படிக்கை. அல்சேஸும் லொரைனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்கு, கூடவே 500 கோடி பிராங்க் இழப்பீடு. *அதனால்:* பிரான்ஸின் மனக்கசப்பு ஆறவில்லை. அது தனக்கொரு கூட்டாளியைத் தேடும் என்பது பிஸ்மார்க்குக்குத் தெரியும். அவருடைய அடுத்த இருபது ஆண்டு வேலையே பிரான்ஸைத் தனியாக நிறுத்தி வைப்பதுதான்.

1879, 1882, 1887. ஆஸ்திரியா–ஹங்கேரியுடன் கூட்டு, பிறகு இத்தாலியும் சேர்கிறது, கடைசியாக ரஷ்யாவுடன் ரகசிய மறுகாப்பு ஒப்பந்தம். மூன்றுக்கும் காரணம் ஒன்றே, மேலே சொன்னதுதான்.

1890 மார்ச். பிஸ்மார்க் வெளியேற்றம். ரஷ்ய ஒப்பந்தத்தை இரண்டாம் வில்ஹெல்ம் அரசு புதுப்பிக்கவில்லை. *அதனால்:* 1894 பிரான்ஸ்–ரஷ்யா கூட்டு. ஜெர்மனி இப்போது இரண்டு பக்கமும் எதிரி உள்ள நாடு. 1914இன் அவசரத்துக்கு வேர் இங்கேதான். முதல் பகுதியில் ஒரே ஒரு தேதிதான் மனதில் நிற்கும் என்றால் 1890ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

1898. ஜெர்மனியின் முதல் கடற்படைச் சட்டம். *அதனால்* பிரிட்டன் பழைய பகையை மறக்கிறது: 1904 பிரான்ஸுடன், 1907 ரஷ்யாவுடன் இணக்கம்.

1908 அக்டோபர். ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைக்கிறது. ஜப்பானிடம் 1905இல் தோற்றுக் களைத்திருந்த ரஷ்யா, செர்பியாவுக்காக எழ முடியாமல் பின்வாங்குகிறது. *அதனால்:* இன்னொரு முறை இப்படித் தலைகுனியக் கூடாது என்ற பிடிவாதம். 1914 ஜூலை 30ஐப் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

1912–13. பால்கன் போர்கள். செர்பியாவின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆஸ்திரியாவுக்கு அச்சம்.

## 37 நாள்

ஜூன் 28, 1914. சராஜேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோபியும் கொலை. காலையில் வீசிய குண்டு தப்பிப் போயிருந்தது. பிறகு கார் தவறான தெருவில் திரும்பி நின்றபோது, கவ்ரிலோ பிரின்சிப் பக்கத்திலேயே இருந்தான். இது பொறி. இது மட்டும்தான் பொறி. "கொலையால் உலகப் போர் வந்தது" என்று ஒரே வரியில் முடித்தால் மதிப்பெண் போய்விடும். கொலைக்கும் போருக்கும் நடுவில் ஒரு மாதம் இருக்கிறது, அந்த மாதத்தில் ஆட்கள் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள்.

ஜூலை 5–6. "என்ன செய்தாலும் உங்கள் பின்னால் நிற்கிறோம்" என்று பெர்லின் வியன்னாவுக்கு உறுதி தருகிறது. வெற்றுக் காசோலை என்று பெயர் பெற்றது இதுதான். *ஏன்:* ஜெர்மனிக்கு மிஞ்சியிருந்த நம்பகமான கூட்டாளி ஆஸ்திரியா ஒன்றுதான். (1890க்குப் போங்கள்.)

ஜூலை 23. செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. செர்பியா பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டியது. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரிப்பதை மட்டும் ஏற்கவில்லை.

ஜூலை 28. ஆஸ்திரியா போர் அறிவிப்பு.

ஜூலை 30. ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவு. *ஏன்:* 1908இன் அவமானம். *அதனால்:* ஜெர்மனியின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஷ்லீபன் திட்டப்படி பிரான்ஸை ஆறு வாரத்தில் முடித்துவிட்டு, மெதுவாகத் திரளும் ரஷ்யா பக்கம் திரும்ப வேண்டும். ரஷ்யா திரளத் தொடங்கிவிட்டால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

ஆகஸ்ட் 1, 3, 4. ரஷ்யா மீது, பிரான்ஸ் மீது போர் அறிவிப்பு, பிறகு பெல்ஜியத்துக்குள் நுழைவு. திட்டத்தின் வழி பெல்ஜியம். அதன் நடுநிலைக்கு 1839 லண்டன் உடன்படிக்கையில் பிரிட்டன் உறுதி தந்திருந்தது. *அதனால்* பிரிட்டனும் போரில்.

சண்டை மூண்டதோ பால்கனில், முதல் பெரிய அடி விழுந்ததோ பெல்ஜியத்தில். இந்த முரணை விளக்கத் தெரிந்தால் 1914 கேள்வி எதுவானாலும் சமாளித்துவிடலாம்.

## போருக்குள், 1914–1918

1914 செப்டம்பர். மார்ன் போர். ஆறு வாரக் கணக்கு தவறியது, *அதனால்* அகழிகள். போர் நீண்டதால் முற்றுகை. முற்றுகைக்குப் பதிலடி நீர்மூழ்கிகள்.

1915 மே 7. லூசிடானியா மூழ்கடிப்பு. உடனே அமெரிக்கா போருக்கு வந்துவிட்டது என்று எழுதுவது நம் எல்லோருக்கும் வருகிற தவறு. நானும் மாதிரித் தேர்வில் எழுதினேன். நடுவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு இருக்கிறது. 1917 பிப்ரவரி 1 கட்டற்ற நீர்மூழ்கிப் போர், அதோடு மெக்சிகோவைத் தூண்டிய சிம்மர்மான் தந்தி. *அதனால்* 1917 ஏப்ரல் 6 அமெரிக்கா போரில்.

1917 மார்ச், நவம்பர். ரஷ்யப் புரட்சிகள். பழைய நாட்காட்டியில் பிப்ரவரி, அக்டோபர். இடைக்கால அரசு போரைத் தொடர்ந்ததுதான் போல்ஷெவிக்குகளுக்கு வழிவிட்டது. *அதனால்* 1918 மார்ச் 3 பிரெஸ்ட்–லிடோவ்ஸ்க், ரஷ்யா விலகல். *அதனால்* மார்ச் 21 ஜெர்மனி மேற்கில் தன் கடைசிப் பெருந்தாக்குதலைத் தொடங்குகிறது, அமெரிக்கர்கள் பெருமளவில் வந்து சேர்வதற்குள் முடிக்க. முடியவில்லை.

1918 நவம்பர் 9, 11. கைசர் வீழ்ச்சி. கொம்பியேன் காட்டில் ரயில் பெட்டிக்குள் போர் நிறுத்தம். கையெழுத்திட்ட ஜெர்மன் குழுவுக்குத் தலைமை தாங்கியது புதிய குடியரசின் அரசியல்வாதி, படையின் தலைமைத் தளபதிகள் இல்லை. *அதனால்* "முதுகில் குத்திவிட்டார்கள்" என்ற பொய் பிறக்க இடம் கிடைத்தது.

## 1919–1924

1919 ஜூன் 28. வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை. அதே கண்ணாடி மண்டபம், சராஜேவோ கொலையின் அதே தேதி. ஒரே தேதியில் இரண்டு நிகழ்ச்சி, மனப்பாடம் செய்ய இதைவிட வசதி கிடைக்காது. விதி 231 பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. படை 1,00,000 பேர் மட்டும். 1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது.

1923 ஜனவரி 11. தவணை தவறியதால் பிரான்ஸும் பெல்ஜியமும் ரூர் பகுதிக்குள் நுழைகின்றன. தொழிலாளர்கள் வேலை நிறுத்தம், அரசு நோட்டு அச்சடித்து அவர்களுக்குக் கூலி. போர்க்காலக் கடனிலிருந்தே விழுந்துகொண்டிருந்த மார்க் பாதாளத்துக்குப் போனது. 1914இல் ஒரு டாலர் 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். எண் அதேதான், பூஜ்யம் பன்னிரண்டு கூடிவிட்டது.

1923 நவம்பர் 8–9. மியூனிக்கில் ஹிட்லரின் கலகம், தோல்வி. நவம்பர் 15 புதிய ரென்டன்மார்க். 1924 டாஸ் திட்டம், அமெரிக்கக் கடன் வருகிறது. *அதனால்* ஐந்து ஆண்டு நல்ல காலம். *அதனாலேயே* அடுத்த பகுதி.

## 1929–1933: இங்கே அவசரப்படாதீர்கள்

"பணவீக்கம், அதனால் ஹிட்லர்" என்று எழுதாதீர்கள். 1928 மே தேர்தலில் நாஜி கட்சிக்கு 2.6 சதவீதம், 12 இடம். பணவீக்கம் முடிந்து நாலரை ஆண்டுக்குப் பின் கிடைத்தது இவ்வளவுதான். பணவீக்கம் விறகு. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பையும் குடியரசின் மேல் இருந்த நம்பிக்கையையும் அது கரைத்தது. 1930இல் பற்றியது வேலையின்மையால். அப்போது விலைகள் ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தன.

1929 அக்டோபர் 24, 29. நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ச்சி. *அதனால்* அமெரிக்கக் கடன் திரும்பக் கேட்கப்படுகிறது. ஜெர்மனி அந்தக் கடனில் நின்ற வீடு.

1930 மார்ச் 27. வேலையற்றோர் காப்பீட்டுக்கு யார் பணம் தருவது என்ற தகராறில் கூட்டணி அரசு கவிழ்கிறது. *அதனால்* புரூனிங், விதி 48, ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணைகள். நாடாளுமன்ற ஆட்சி நலியத் தொடங்கியது 1933இல் அல்ல, இங்கேதான்.

1930 செப்டம்பர் 14. நாஜிகள் 12லிருந்து 107. 1932 ஜூலை 31இல் 230 இடம், மிகப் பெரிய கட்சி. 1932 நவம்பர் 6இல் 196 இடம், இறக்கம்.

1933 ஜனவரி 30. ஹிட்லர் சான்சலர். வாக்கு குறைந்த பிறகு பதவி! *ஏன்:* பாப்பனும் ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்களும் அவரைத் தங்கள் பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். கதவு.

பிப்ரவரி 27, 28, மார்ச் 23. ரைக்ஸ்டாக் தீ; உரிமைகளை நிறுத்தும் ஆணை; அதிகாரமளிப்புச் சட்டம், 444க்கு 94. எதிர்த்து வாக்களித்தது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள்.

## கதவுகள், 1931–1940

1931 செப்டம்பர் 18. முக்டென் சம்பவம், ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடிக்கிறது. சர்வதேச சங்கம் கண்டித்தது, ஜப்பான் 1933இல் வெளியேறியது. கதவு ஒன்று.

1935 அக்டோபர் 3. இத்தாலி எத்தியோப்பியா மீது. தடைப் பட்டியலில் எண்ணெய் இல்லை, சூயஸ் கால்வாய் மூடப்படவில்லை. கதவு இரண்டு. *அதனால்* முசோலினி ஹிட்லர் பக்கம். அளவுகோல் இதோ: 1934 ஜூலையில் ஆஸ்திரியாவில் நாஜிகள் கலகம் செய்தபோது முசோலினி எல்லைக்குப் படை அனுப்பினார், 1938 மார்ச் 12 ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது வாய் திறக்கவில்லை.

1936 மார்ச் 7. ரைன்லாந்துக்குள் ஜெர்மன் படை. கதவு மூன்று.

1938 செப்டம்பர் 29–30. மியூனிக். செக்கோஸ்லோவாக்கியாவையும் அழைக்கவில்லை, ஸ்டாலினையும் அழைக்கவில்லை. கோட்டை அரண்கள் இருந்த சுடெடென்லாந்து கைமாறியது. *அதனால் ஒன்று:* 1939 மார்ச் 15 பிராகில் ஹிட்லர். *அதற்குப் பதிலாக* மார்ச் 31 போலந்துக்கு பிரிட்டனின் உறுதி. *அதனால் இரண்டு:* மேற்கை நம்பிப் பயனில்லை என்ற முடிவுக்கு ஸ்டாலினை நகர்த்தியவற்றில் மியூனிக்கும் ஒன்று. 1939 ஆகஸ்ட் 23 ஹிட்லருடன் ஒப்பந்தம்.

1939 செப்டம்பர் 1, 3. போலந்து; பிறகு பிரிட்டன், பிரான்ஸ். ஒப்பந்தம் பொறி, மற்றதெல்லாம் மேலே.

1940 ஜூன் 22. பிரான்ஸ் சரண். அருங்காட்சியகத்தில் இருந்த அதே ரயில் பெட்டியை வெளியே இழுத்துவரச் செய்து, கொம்பியேனில் அதே இடத்தில் கையெழுத்து.

## தாளை மூடிச் சொல்லிப் பார்க்க

1890இலிருந்து 1914 ஆகஸ்ட் 4 வரை ஆறு "அதனால்"களில் வாருங்கள்.

1918 நவம்பர் 11இல் கையெழுத்திட்டது யார் என்பது 1933இல் எங்கே உதவியது?

1928இன் 12க்கும் 1930இன் 107க்கும் நடுவில் இருக்கும் இரண்டு தேதிகளை மாதத்தோடு சொல்லுங்கள்.

பின்னோக்கி ஒரு முறை: 1939 ஆகஸ்ட் 23இலிருந்து தொடங்கி, "ஏன்" என்று கேட்டுக்கொண்டே 1935 வரை. நேற்று நான் முயன்றபோது 1936இல் மாட்டிக்கொண்டேன். ரைன்லாந்தை யாரும் தடுக்காததற்கு எத்தியோப்பியாவும் ஒரு காரணம் என்பது அப்போதுதான் உறைத்தது: பிரான்ஸும் பிரிட்டனும் அந்த மாதங்களில் இத்தாலியை என்ன செய்வது என்ற குழப்பத்தில் இருந்தன. உங்கள் பிரதியில் 1935க்கும் 1936க்கும் நடுவில் ஓர் அம்பு போட்டுக்கொள்ளுங்கள், என் பிரதியில் பென்சிலால் போட்டிருக்கிறேன்.