நம்ம வயல் சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன? நெல் பருவங்கள், விதை முதல் அறுப்பு வரை

மருந்து டப்பாவில் இங்கிலீஷ், உர மூட்டையில் இங்கிலீஷ், போனில் வரும் பயிர்ச் செய்தியிலும் பாதி இங்கிலீஷ். நாம் "பயிர் பொதியில இருக்கு" என்கிறோம், அதில் "பூட்டிங் ஸ்டேஜ்" என்று போட்டிருக்கிறது. ரெண்டும் ஒன்றுதான், ஆனால் அது தெரியாமல் போனால் ஒரு வாரம் தள்ளி உரம் போடுவோம். மன்னார்குடி பக்கத்து நம் ஊர்க்காரர்களுக்காக, நாம் வாயில் சொல்லும் சொல்லையும் அதற்குச் சரியான இங்கிலீஷ் சொல்லையும் இதில் சேர்த்து வைத்திருக்கிறோம். எல்லாமே தமிழ் எழுத்தில், வாய்விட்டுப் படித்தாலே போதும்.

முதலில் நாள் கணக்கு. எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. டி.ஏ.எஸ். என்றால் விதைத்த நாளிலிருந்து எண்ணுவது, டி.ஏ.டி. என்றால் நட்ட நாளிலிருந்து எண்ணுவது. ஆடுதுறை 43 க்கு 110 நாள் வயது என்கிறார்களே, அது விதையிலிருந்து எண்ணியது, நாற்றங்காலில் இருந்த நாளும் அதில் அடக்கம். மூன்று வருஷத்துக்கு முன் குறுவையில் எனக்கு "45 டி.ஏ.எஸ்., மேலுரம்" என்று ஒரு செய்தி வந்தது. நான் நட்ட தேதியிலிருந்து 45 எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்று வயது 22 நாள், ஆக யூரியா 22 நாள் பிந்திப் போனது. பயிர் என்னவோ கரும்பச்சையாக அழகாகத்தான் நின்றது, ஆனால் கதிரில் மணி எத்தனை என்பது அதற்குள் முடிவாகிவிட்டிருந்தது. கதிர் கட்டையாக வந்தது. இந்தத் தாளைத் தயார் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்த அறுப்பு அன்றுதான்.

நாற்றங்கால் என்பது நர்சரி. விதையை ஊறவைப்பது சோக்கிங், தண்ணீரை வடித்துச் சாக்கில் மூட்டமாக வைத்து முளைகட்டுவது இன்குபேஷன். நாற்று சீட்லிங். சேறடிப்பது பட்லிங், பரம்படிப்பது லெவலிங், அடியுரம் பேசல். இவற்றில் யாருக்கும் தடுமாற்றம் வருவதில்லை.

நடவு டிரான்ஸ்பிளான்டிங். ஒரு குத்து என்பது ஹில். ஹில் என்றால் மலை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், நெல் வயலில் மட்டும் அது குத்து. "சதுர மீட்டருக்கு இத்தனை ஹில்" என்று இருந்தால் அத்தனை குத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். நட்டபின் நாற்று வெளிறி நின்று, பிறகு புது வேர் விட்டு பச்சை பிடிப்பதை எஸ்டாப்ளிஷ்மென்ட் என்பார்கள். இடைவெளி விழுந்த இடத்தில் மறுபடி நாற்று ஊன்றுவது கேப் ஃபில்லிங்.

களைக்கொல்லி டப்பாவில் பிரி எமர்ஜென்ஸ் என்று இருக்கும். முளைக்கும் முன் என்று அர்த்தம். எது முளைக்கும் முன்? களை முளைக்கும் முன். நெல் முளைக்கும் முன் என்று எடுத்துக்கொண்டு, "நாம்தான் நட்டுவிட்டோமே, இனி இது எதுக்கு" என்று மருந்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. நட்ட மூன்றாம் நாள் வாக்கில், வயலில் கொஞ்சமாகத் தண்ணீர் நிற்கும்போது போடுவது இந்த வகை. களை முளைத்து இலை விட்டபின் அடிப்பது போஸ்ட் எமர்ஜென்ஸ். முதல் வகையைக் களை வளர்ந்தபின் போட்டால் பலன் இல்லை.

தூர் கட்டுதல், சிம்பு வெடித்தல் ரெண்டுக்கும் டில்லரிங்தான். ஒரு தூர், ஒரு டில்லர். இதே டில்லர் என்ற பெயரில்தான் நம் பவர் டில்லர் வண்டியும் இருக்கிறது, அது உழுவதைக் குறிக்கும் வேறு சொல். "ஆக்டிவ் டில்லரிங்" என்று போட்டிருந்தால் தூர் மளமளவென்று வெடிக்கும் நேரம், மேலுரத்தின் முதல் தவணைக்கு உரிய நேரம். மேலுரம் டாப் டிரஸ்ஸிங். இந்தப் பருவத்தில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அதற்கு டெட் ஹார்ட் என்று பெயர், குருத்துப்பூச்சியின் வேலை. அதே பூச்சி பின்னால் கதிர் வரும் நேரத்தில் வந்தால் கதிர் வெளுத்து நேராக நிற்கும், அந்த வெண்கதிர் ஒயிட் இயர். பேர் ரெண்டு, பூச்சி ஒன்று.

தண்டு உருளும் பருவம். இங்கிலீஷில் பேனிக்கிள் இனிஷியேஷன், சுருக்கமாக பி.ஐ. கதிர் உருவாகும் பருவம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். இந்தத் தாளில் ஒரே ஒரு சொல்லைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கதிர் வெளியே தெரியவே தெரியாது, அதனால்தான் தவறிப்போகிறது. காலையில் வயலில் இறங்கி, நடு வயலில் ஒரு குத்தில் இருப்பதிலேயே பெரிய தூரைப் பிடுங்கி வாருங்கள். வேரை நறுக்கிவிட்டு பிளேடால் அடியிலிருந்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அதுவரை சப்பையாக இருந்த அடித்தண்டு உருண்டு, உள்ளே கொஞ்சம் கூடு விட்டிருக்கும். மேல் கணுவுக்குச் சற்று மேலே, வெள்ளையாக, மெல்லிய பூனைமுடி போட்டதுபோல ஒரு சின்ன முனை, ஒரு மில்லிமீட்டரோ ரெண்டோ இருக்கும். அதுதான் கதிர். எங்கள் அம்மா பிளேடு எல்லாம் எடுக்கமாட்டார், அடித்தண்டை ரெண்டு விரலால் உருட்டிப் பார்த்தே "உருண்டுடுச்சு" என்பார். நான் பிளந்து பார்த்த நாளெல்லாம் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

பிளக்காமல் கணக்குப் போடவும் வழி உண்டு. கதிர் உருவானதிலிருந்து பூக்கும் வரை சுமார் 35 நாள், பூத்ததிலிருந்து அறுப்பு வரை சுமார் 30 நாள். இந்த 65 நாள் எல்லா ரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ரகத்துக்கு ரகம் வயது மாறுவது அதற்கு முந்திய பருவத்தில்தான். ஆகவே மொத்த வயதில் 65 ஐக் கழியுங்கள். ஆடுதுறை 43 க்கு விதைத்த 45 ஆம் நாள் வாக்கில் வரும். சி.ஆர். 1009 க்கு வயது 155 நாள் என்று வைத்தால் 90 ஆம் நாள் வாக்கில். தழைச்சத்தை அடியுரம், தூர், பி.ஐ., கதிர் வெளிவரும் நேரம் என்று நான்காகப் பிரித்துப் போடச் சொல்கிறார்களே, அதில் மூன்றாவது தவணை இதுதான்.

பொதி கட்டுதல், சூல் கட்டுதல் என்பது பூட்டிங். கதிர் பருத்து, மேல் இலையின் உறை புடைத்து நிற்பது. பூட் என்றதும் செருப்பு ஞாபகம் வரும், இங்கே அது கதிரைப் பொதிந்திருக்கும் இலையுறை. கடைசியாக வரும் கண்ணாடி இலை ஃபிளாக் லீஃப். இதைக் "கொடி இலை" என்று எழுதிய தாளையும் பார்த்தேன். ஏதோ கொடி படர்ந்த இலை என்றுதான் நம்மவர்கள் நினைப்பார்கள், கண்ணாடி இலை என்ற நல்ல சொல் இருக்கும்போது அதையே சொல்வோம். மணி நிரம்புவதில் இந்த இலைக்குப் பெரிய பங்கு உண்டு, இலைச்சுருட்டுப் புழு இதைச் சுரண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைக்குள் கதிர் மேலேறி வெளியே வரக் காத்திருக்கும் தொண்டைக்கதிரை லேட் பூட் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

கதிர் வெளிவருதல் ஹெடிங். பூத்தல் ஃப்ளவரிங். "ஃபிஃப்டி பர்சென்ட் ஃப்ளவரிங்" என்றால் பாதிப் பயிர் பூத்த நாள், வயலில் முதல் பூவைக் கண்ட நாள் இல்லை. பூ பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு வரை திறந்திருக்கும். அந்த நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள், அடித்தே ஆகவேண்டும் என்றால் சாயங்காலம் அடியுங்கள். வயல் காயவும் விடக்கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதை ஆல்டர்னேட் வெட்டிங் அண்ட் டிரையிங் என்கிறார்கள், நல்ல முறைதான், ஆனால் பூக்கும் நேரத்தில் காய்ச்சல் வேண்டாம்.

பால் பிடித்தல் மில்க் ஸ்டேஜ். மணியை நகத்தால் நசுக்கினால் பால் தெறிக்கும், கதிர்நாவாய்ப்பூச்சிக்கு அந்தப் பால்தான் வேண்டும். பால் இறுகி மாவானால் டோ ஸ்டேஜ். டோ என்றால் பிசைந்த மாவு, நம் மாவுப் பருவம் அப்படியே பொருந்துகிறது. பிறகு பழுத்தல், மெச்சூரிட்டி.

இங்கே ஒரு சொல்லில் கவனம். கதிர் தலை சாய்ந்தது என்றால் மணி நிரம்பிவிட்டது, நல்ல சேதி. பயிர் சாய்ந்தது என்றால் காற்றிலும் மழையிலும் தண்டோடு படுத்துவிட்டது, அதுதான் லாட்ஜிங். சேதக் கணக்கெடுக்க வருபவரிடம் வெறுமனே "சாஞ்சிடுச்சு" என்று சொல்லி விடாதீர்கள், "லாட்ஜிங் ஆகிவிட்டது" என்று சொல்லுங்கள்.

சாவி என்பதும் அப்படித்தான். நம் வீட்டுப் பையன் ஒருவன் இந்தத் தாளுக்கு உதவி செய்யும்போது சாவிக்கு நேரே "கீ" என்று எழுதிவிட்டான், பாவம், பூட்டுச் சாவிதான் அவனுக்குத் தெரியும். வயலில் சாவி என்றால் உள்ளே ஒன்றும் இல்லாத மணி, சாஃப் அல்லது அன்ஃபில்டு கிரெய்ன். பாதி நிரம்பிய கருக்காய் ஹாஃப் ஃபில்டு கிரெய்ன்.

அறுப்பு ஹார்வெஸ்ட். நூற்றுக்கு எண்பது மணி வைக்கோல் நிறத்துக்கு வந்தால் அறுக்கலாம், தண்ணீரைப் பத்து நாள் முன்பே வடித்துவிட வேண்டும். ஈரப்பதம் மாய்ஸ்சர், கொள்முதல் நிலையத்தில் 17 சதம் என்று கேட்பது இதைத்தான். தூற்றுவது வின்னோயிங்.

போனில் ஆலோசனை கேட்கும்போது பருவத்தை மட்டும் சொன்னால் போதாது, தேதியும் சேர்த்துச் சொல்லுங்கள், எதிர்முனையில் இருப்பவர் உடனே கணக்குப் போட்டுவிடுவார். உதாரணத்துக்கு ஒரு சம்பா வயல்:

"ரகம் சி.ஆர். 1009. விதைத்தது ஆகஸ்ட் 20, நட்டது செப்டம்பர் 29. இன்று டிசம்பர் 5, 107 டி.ஏ.எஸ். பயிர் பூட்டிங்கில் இருக்கிறது, ஃபிளாக் லீஃப் வந்துவிட்டது. இலைச்சுருட்டு வரப்போரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. மருந்து அடிக்கணுமா, இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமா?"