பிரகாஷ் – விடுப்பு அனுமதி, ஆகஸ்ட் 19 முதல் 26 வரை

பிரகாஷ்,

தங்கை கல்யாணத்துக்காக நீங்கள் கேட்ட லீவைப் பார்த்தேன். முதலில் வாழ்த்துகள், அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். லீவு உண்டு, ஆனால் கேட்ட 10 நாளும் இல்லை. 19 புதன் முதல் 26 புதன் வரை, நடுவில் ஞாயிறு போக 7 வேலை நாள். 27 வியாழக்கிழமை நீங்கள் ஆபீசில் இருக்க வேண்டும்.

ஏன் குறைத்தேன் என்பது உங்களுக்கே தெரியும். ஜெர்மன் பையரின் குழந்தைகள் டி-ஷர்ட், 18,000 பீஸ், 28 வெள்ளி ஃபைனல் இன்ஸ்பெக்ஷன், 31 திங்கள் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது. இன்ஸ்பெக்டர் உள்ளே வரும்போது தையல் முழுக்க முடிந்து, 80 சதவீதமாவது பெட்டியில் போயிருக்க வேண்டும். அந்த ஆர்டரை முதல் நாளிலிருந்து பார்த்தவர் நீங்கள், எந்த சைஸில் கழுத்து ரிப் அலை அடித்தது, அதற்கு என்ன சரிசெய்தோம் என்று அவர் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை. கல்யாணம் 23-ம் தேதி, மறுவீடு எல்லாம் முடித்துவிட்டு வர மூன்று நாள் இருக்கிறது. 26 ராத்திரி தேவகோட்டையில் பஸ் ஏறினால் விடிகாலையில் திருப்பூர். இறங்கிய கையோடு ஓடி வர வேண்டாம், தூங்கிவிட்டு 11 மணிக்கு வந்தால் போதும்.

சம்பளப் பிடித்தம் எதுவும் இல்லை. கணக்கில் 5 நாள் ஈ.எல். இருக்கிறது, ஜூலையில் இரண்டு ஞாயிறு ஷிப்மென்ட்டுக்காக வந்தீர்கள் அல்லவா, அதை காம்ப் ஆஃபாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஹெச்.ஆரில் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

இனி ஒப்படைப்பு. சுகன்யாதான் உங்கள் வேலையைப் பார்ப்பார், அவரிடம் பேசிவிட்டேன். 15 சனிக்கிழமை சுதந்திர தின லீவு, 16 ஞாயிறு, அதற்குப் பிறகு கையில் இருப்பது 17, 18 இரண்டே நாள். வாயால் சொல்லிவிட்டுப் போவது வேண்டாம். போன தீபாவளிக்கு ஒருவர் அப்படித்தான் "எல்லாம் சொல்லிட்டேன் மேடம்" என்று போனார், பழைய கம்போசிஷன் போட்ட வாஷ் கேர் லேபிளை வைத்துத் தைத்து, 2,400 பீஸைப் பிரித்துத் திரும்பத் தைத்தோம். அந்த ராத்திரிகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஜெர்மன் ஆர்டருக்கு டி.என்.ஏ. ஷீட்டை அன்றைய நிலவரத்துக்குத் திருத்தி, எந்த லைனில் எத்தனை பீஸ் இருக்கிறது, செக்கிங்கில் எத்தனை நிற்கிறது என்று எழுதிக் கொடுங்கள். சீல்டு சாம்பிள், டிரிம் கார்டு, பீரோ சாவி மூன்றும் சுகன்யா கைக்குப் போக வேண்டும், உங்கள் மேசை டிராயரில் அல்ல. பிரெஞ்சு ஆர்டரில் நேவி லேப் டிப் இரண்டாவது தடவை அனுப்பியிருக்கிறோம், பதில் நீங்கள் இல்லாதபோதுதான் வரும். எந்த ஆப்ஷன் ஓகே என்று பையர் மெயிலில் எழுதி வராமல் டையிங் யூனிட்டுக்கு யாரும் கை காட்டக் கூடாது, யூனிட்காரர் எத்தனை தடவை போன் போட்டு அவசரப்படுத்தினாலும் சரி. லீவில் போகும் முன் நீங்களே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உங்கள் பேச்சைத்தான் அவர் கேட்பார். போலோ ஃபிட் சாம்பிள் 21-ம் தேதி கூரியரில் போக வேண்டும், அளவு ஷீட்டை 18-க்குள் நீங்களே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

18 செவ்வாய் மாலை 4 மணிக்கு நீங்கள், சுகன்யா, நான் மூவரும் அரை மணி நேரம் உட்காருவோம். அது முடிந்து நான் சரி என்று சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும். மெயிலில் ஆட்டோ ரிப்ளை போட்டு, சுகன்யாவின் ஐ.டி.யைக் கொடுத்துவிடுங்கள்.

போன் விஷயம். 22, 23 இரண்டு நாளும் இங்கிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் எடுக்காதீர்கள். மற்ற நாட்களில் மாலை 6-லிருந்து 7-க்குள், சுகன்யாவும் நானும் சேர்ந்து தீர்க்க முடியாதது ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு கால் வரும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், கல்யாண வீட்டில் அதைப் பாதுகாப்பதே பெரிய வேலை.

உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் வேறு ஏதாவது என்றால் அது வேறு, எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். மற்றபடி லீவை நீட்டிக்க முடியாது. சும்மா 27 வராமல் இருந்தால் அன்று சம்பளம் கிடையாது, அதைவிட முக்கியம், 28-ம் தேதி இன்ஸ்பெக்டர் முன்னால் சுகன்யா தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சம்மதம் என்றால் நாளை மதியத்துக்குள் இந்த மெயிலுக்கே ஒரு வரி பதில் போடுங்கள், ஹெச்.ஆருக்கு அனுப்பிவிடுகிறேன். அப்புறம், பத்திரிகை எனக்கு இன்னும் வரவில்லை.

கோமதி
மெர்ச்சண்டைசிங் மேனேஜர்
11 ஆகஸ்ட் 2026