தரக்கட்டுப்பாட்டுத் துறைக்குப் புதிய மேலாளர்: திருமதி இரா. கலைவாணி, ஜூன் 16 முதல்

அனுப்புநர்: பொது மேலாளர், திருப்பூர்
பெறுநர்: தரக்கட்டுப்பாட்டுத் துறை, அனைவருக்கும்
நகல்: கட்டிங், தையல், பேக்கிங், மெர்ச்சண்டைசிங், மனிதவளம்
நாள்: 11 ஜூன் 2025, புதன்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை, ஜூன் 16 முதல் திருமதி இரா. கலைவாணி நம் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் மேலாளராகப் பொறுப்பேற்கிறார். மார்ச் இறுதியில் பழனிசாமி அண்ணன் ஓய்வு பெற்றதிலிருந்து காலியாக இருக்கும் இடம் இது. கேன்டீனில் இதுவரை அடிபட்ட பெயர்களில் இவருடைய பெயர் இல்லை என்று கேள்விப்பட்டேன். ஆகவே வழக்கமான நான்கு வரி அறிவிப்போடு நிறுத்தாமல் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கலைவாணி கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். பெருந்துறை சிப்காட்டில் உள்ள ஒரு சாயப் பிரிவின் ஆய்வகத்தில் வேலையைத் தொடங்கி, பின்னர் நம் ஊரிலேயே ஒரு பின்னலாடை ஆலையில் லைன் செக்கிங் பார்த்திருக்கிறார். கடந்த ஒன்பது ஆண்டுகளாக, வெளிநாட்டு பையர்களுக்காக ஆலைகளுக்குச் சென்று சரக்கைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தார். திருப்பூரின் பின்னலாடை, கரூரின் படுக்கை விரிப்பு இரண்டையும் சோதித்திருக்கிறார். வங்கதேசத்தின் நாராயண்கஞ்சில் இரண்டு ஆண்டுகள் இருந்து, அங்குள்ள ஆலைகளின் செக்கிங் ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார். அதாவது இவ்வளவு காலமும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் இப்போது இந்தப் பக்கம் வருகிறார்.

உங்களில் சிலருக்கு அவரை ஏற்கெனவே தெரியும். 2023 செப்டம்பரில் நம் குழந்தைகள் பைஜாமா சரக்கை நிறுத்தி வைத்தவர் அவர்தான். பேக்கிங்கில் இருப்பவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

6,000 பீஸ் ஆர்டர். ஏக்யூஎல் 2.5 கணக்குப்படி 200 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறை 10 பீஸ் வரை இருந்தால் தேறும், 11 வந்தால் சரக்கு நிற்கும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் உடல் துணியும் கழுத்து ரிப்பும் ஒரே கருநீலம். அவர் ஒவ்வொரு பீஸையும் லைட் பாக்ஸுக்குள் வைத்து, கடைகளில் எரியும் டிஎல் 84 விளக்கைப் போட்டார். 14 பீஸில் ரிப் மட்டும் சிவப்போடியது. பகல் வெளிச்சத்திலும் ட்யூப் லைட்டிலும் ஒத்துப்போகிற இரண்டு சாய லாட், கடை விளக்கில் பிரிந்துவிட்டன. கண்ணைக் குறை சொல்ல முடியாது, விளக்கை மாற்றிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

நிறுத்துவது யாராலும் முடியும். அவர் எழுதிக்கொடுத்த அறிக்கையைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். 14 பீஸுக்கும் பெட்டி எண், சைஸ், குறை இருக்கும் இடம் எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தார். எல்லாமே இரண்டே சைஸ். கட்டிங் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், அந்த இரண்டு சைஸுக்கும் ரிப் வேறொரு லாட்டிலிருந்து வெட்டப்பட்டிருந்தது. 6,000 பீஸையும் பிரிக்காமல் அந்தப் பெட்டிகளை மட்டும் பிரித்து, ரிப்பை மாற்றினோம். மறு சோதனையில் சரக்கு தேறி, கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போனது. ஓர் அறிக்கை எப்படி எழுதப்பட வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் அதைத்தான் காட்டுவேன். பழனிசாமி அண்ணன் விடைபெறும்போது, "அந்தப் பொண்ணு கிடைச்சா விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் தேடினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் விண்ணப்பித்தவர்களில் கலைவாணியும் ஒருவர். மற்றவர்களைப் போலவே தேர்வும் நேர்காணலும் முடித்துத்தான் வருகிறார்.

இனி, எல்லோருடைய மனதிலும் இருக்கும் கேள்வி. உள்ளே ஆள் இருக்கும்போது ஏன் வெளியிலிருந்து?

இரண்டரை மாதங்களாகத் துறையைத் தாங்கி நிற்பவர் செந்தில்குமார். இந்தக் காலத்தில் ஒரு ஷிப்மெண்டும் தரக்காரணத்தால் தாமதமாகவில்லை. அவரையும் இந்தப் பதவிக்குப் பார்த்தோம், அவரோடு நேரில் பேசியும் விட்டேன். இந்த மின்னஞ்சலைப் பார்த்துத்தான் அவருக்குச் செய்தி தெரிகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். துக்கம் விசாரிக்கிற மாதிரி அவர் மேசைக்குப் போக வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் 16 முதல் அவர் துணை மேலாளர். துணி வந்து இறங்குவதிலிருந்து தையல் முடியும் வரை உள்ள சோதனை முழுவதும் அவர் பொறுப்பு. ஒரு லைனில் தொடர்ந்து குறை வந்தால் அந்த லைனை நிறுத்தும் அதிகாரம் இதுவரை மேலாளரிடம் மட்டும் இருந்தது. இனி அவருக்கும் உண்டு.

வெளியிலிருந்து ஆள் எடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசிச் சோதனையை ஆலையே செய்துகொள்ளட்டும் என்று நம் பையர்களில் இருவர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெளியாள் வந்து பார்க்காதபோது நாம் எழுதுவதுதான் தீர்ப்பு. அந்த முறையை நடத்திப் பழகியவர், பையர் எதைக் கேட்பார், எந்தப் பதிவைத் திறந்து பார்ப்பார் என்று அறிந்தவர் நமக்கு வேண்டும்.

இரண்டாவது காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். இங்கே பலரும் பதினைந்து, இருபது ஆண்டுகளாக ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியிருப்பார். வேலைக்கு அது பெரும் பலம். ஆனால் கன்டெய்னர் வாசலில் நிற்கும் இரவு 11 மணிக்கு, "இந்த ஒரு தடவை விட்டுவிடு மாப்பிள்ளை" என்று தையல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்போது, மறுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. அந்த மறுப்பைச் சொல்கிற வேலை, நாளை காலையில் அதே ஆளோடு ஒரே வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டியவர் தலையில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

இதை ஒட்டி ஓர் அமைப்பு மாற்றமும் உண்டு. தரக்கட்டுப்பாட்டுத் துறை இதுவரை உற்பத்தி மேலாளர் வழியாக என்னிடம் வந்தது. இனி கலைவாணி நேரடியாக எனக்குப் பதில் சொல்வார். அவர் நிறுத்தி வைத்த சரக்கை அவரோ நானோ தவிர வேறு யாரும் விடுவிக்க முடியாது. உற்பத்தித் துறைக்கு மாற்றுக் கருத்து இருந்தால், எந்த நேரமானாலும் என்னை அழைக்கலாம். பேக்கிங் மேசையில் வைத்து வாக்குவாதம் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு: கலைவாணி விட்டு வரும் சோதனை நிறுவனத்தின் ஆட்கள் நம் ஆலைக்கு வரும்போது, முதல் ஓராண்டுக்கு அவர்களோடு செந்தில்குமார்தான் இருப்பார். பழைய சகாக்கள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கலைவாணியே கேட்டுப் பெற்ற நிபந்தனை இது.

முதல் இரண்டு வாரம் அவர் அறையில் இருக்க மாட்டார். துணிக் கிடங்கு, கட்டிங், தையல் லைன்கள், செக்கிங், அயர்ன், பேக்கிங், ஆய்வகம் என்ற வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் முழு ஷிப்டும் இருந்து பார்ப்பார். ஒரு மாதத்துக்கு எந்தப் படிவத்தையும் மாற்றப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். பழனிசாமி அண்ணனின் மஞ்சள் அட்டைகளும் அதுவரை அப்படியே இருக்கும். அவருக்காக எதையும் அவசரமாக ஒழுங்குபடுத்தி வைக்கவும் வேண்டாம். உடைந்த ஊசிப் பதிவேட்டில் துண்டுகள் முழுமையாக ஒட்டப்படாத பக்கங்கள் இருந்தால் அப்படியே இருக்கட்டும். இந்த வாரம் உட்கார்ந்து பழைய தேதிக்கு ஒட்டிய ஊசி எப்படி இருக்கும் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒன்பது ஆண்டு பழக்கம் இருக்கிறது.

ஆய்வகத்திலிருந்து மட்டும் மூன்று பொருள்கள் திங்கட்கிழமை தயாராக இருக்க வேண்டும்: ஜிஎஸ்எம் தராசு, லைட் பாக்ஸ் இரண்டின் அளவுத்திருத்தச் சான்றுகள், பையர் ஒப்புதல் கொடுத்த ஷேட் பேண்டுகள், இன்னும் முடிவாகாத புகார்களின் கோப்பு.

ஜூன் 20 அன்று போக வேண்டிய டி-ஷர்ட் ஷிப்மெண்டை செந்தில்குமாரே முடித்துக் கொடுப்பார். அதன் கையெழுத்துகள் அனைத்தும் அவருடையவை. அதற்குப் பின்வரும் ஆர்டர்களுக்கு மேலாளர் கையெழுத்து கலைவாணியுடையது. விடுப்பு விண்ணப்பங்கள் இந்த வாரம் முழுதும் வழக்கம்போல் செந்தில்குமாரிடமே போகட்டும்.

அறிமுகம் திங்கள் காலை 9 மணிக்கு, முதல் மாடி செக்கிங் ஹாலில். பத்து நிமிடத்துக்கு மேல் நீளாது. லைன் நிற்க வேண்டியதில்லை, லைனுக்கு ஒருவர் வந்தால் போதும். ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்து செக்கிங்கில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: கலைவாணி இந்தி நன்றாகப் பேசுவார், ஒடியா புரிந்துகொள்வார். குறையைச் சுட்டிக்காட்ட இனி மேற்பார்வையாளரைத் தேடி மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டியதில்லை, நேராக அவரிடமே போகலாம். இரவு ஷிப்டில் இருப்பவர்களை அவர் செவ்வாய் இரவு 8.30 மணிக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் சந்திப்பார்.

அவருடைய இடம் பழைய மேலாளர் அறைதான், உள்தொலைபேசி எண் 214. அறையில் இருக்கும் பழைய சாம்பிள் மூட்டைகளை வெள்ளிக்கிழமைக்குள் கிடங்குக்கு மாற்றிவிட வேண்டும். யாருடையவை என்று தெரியாத மூன்று குடைகளும் அங்கே இருக்கின்றன, உரியவர்கள் எடுத்துக்கொள்ளவும்.

மின்னஞ்சல் பார்க்காதவர்களுக்காக மேற்பார்வையாளர்கள் இதை அச்செடுத்து ஷிப்ட் பலகையில் ஒட்டவும். இந்தி வடிவத்தை மனிதவளத் துறை நாளை மதியத்துக்குள் தரும். இதில் எதைப் பற்றியும் என்னோடு நேரில் பேச வேண்டும் என்றால், வெள்ளி மாலை 4 முதல் 6 மணி வரை என் அறை திறந்திருக்கும். செந்தில்குமாரைத் தூதனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
மு. ஈஸ்வரமூர்த்தி
பொது மேலாளர்