ஏர்பாட்ஸ் ப்ரோ 2 (யுஎஸ்பி-சி) ரிட்டர்ன்: போட்டோ சரிபார்ப்புப் பட்டியல்

பிக்-அப்புக்கு ஒப்புதல் தரும் முன் பார்க்க வேண்டியவை.

கேட்டு வாங்க வேண்டிய படங்கள்

☐ பெட்டியின் பின்பக்க லேபிள்
☐ திறந்த மூடியின் உட்புறம், சீரியல் எண் தெரியும்படி
☐ கேஸின் அடிப்பக்கம், வலப்பக்கம்
☐ இரண்டு பட்ஸும் டிப் கழற்றிய நிலையில்
☐ ஐபோனில் இணைத்து, Settings-இல் Serial Number தெரியும் ஸ்கிரீன்ஷாட்

ஸ்கிரீன்ஷாட் தவிர மற்ற எல்லாப் படத்திலும், ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டு பக்கத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த படம் இதிலேயே வடிகட்டப்பட்டுவிடும்.

சீரியல் எண்

☐ பேக்கிங்கில் ஸ்கேன் செய்த எண் = பெட்டி = மூடி = ஸ்கிரீன்ஷாட்

இதுதான் முக்கியமான சோதனை. ஆப்பிள் தளத்தில் எண்ணைப் போட்டு உத்தரவாதம் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். போலியில் ஏதோ ஓர் அசலின் எண்ணை அச்சிட்டிருப்பார்கள். தளமும் அதை ஏற்கும். நாம் அனுப்பிய எண்ணோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி. ஆப்பிள் எண்ணில் O எழுத்து வராது, பூஜ்யம்தான். வாடிக்கையாளர் O என்று தட்டச்சு செய்திருந்தால் அதை முரண்பாடாக எடுக்காதீர்கள்.

☐ Settings-இல் Serial Number-ஐத் தொட்டால் இடது, வலது பட்ஸின் எண்களும் வரும். அவற்றையும் கேளுங்கள். கேஸ் நம்முடையதாக இருந்து, ஒரே ஒரு பட் மாறியிருக்கும் சம்பவங்கள் உண்டு.

☐ ஐபோனில் Cannot Verify AirPods என்ற எச்சரிக்கை வந்ததா? வந்திருந்தால் அந்தப் படமும் வேண்டும்.

வெளித்தோற்றம்

☐ அடியில் ஸ்பீக்கர் துளைகள், வலப்பக்கம் கயிறு மாட்டும் வளையம். இரண்டும் இல்லையென்றால் முதல் தலைமுறைக் கேஸாக இருக்கலாம். லைட்னிங் துளை தெரிந்தால் நாம் அனுப்பிய மாடலே அல்ல.
☐ டிப்புக்கு உள்ளே மெல்லிய வலை. M பட்ஸில் மாட்டியிருக்கும்; பெட்டியில் XS, S, L.
☐ மூடி இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா?

வெள்ளையின் சாயலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ட்யூப்லைட்டே அதை மாற்றிவிடும். மூடியின் உட்புறச் சாம்பல் எழுத்து ஃபிளாஷில் மறைந்திருந்தால், ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னலோரம் சாய்த்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் எடுத்த தேதி அழிந்திருக்கும். அது சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது.

முடிவு

☐ எல்லா எண்ணும் பொருந்துகிறது: பிக்-அப், ரீஃபண்ட் வழக்கம்போல்.
☐ படம் தெளிவில்லை: ஒருமுறை மட்டும் மறுபடி கேளுங்கள், 48 மணி நேர அவகாசம். அதன்பின்னும் தெளிவில்லையென்றால் கீழே உள்ளபடி.
☐ எண் பொருந்தவில்லை: பிக்-அப் செய்யுங்கள், ரீஃபண்டை நிறுத்துங்கள், பெஞ்ச் சோதனைக்கு அனுப்புங்கள். நமது பேக்கிங் வீடியோவையும் அனுப்பிய எடையையும் இணைத்துவிடுங்கள். மாற்றம் கிடங்கிலோ கூரியரிலோ நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

வாடிக்கையாளருக்கு "போலி" என்று எழுத வேண்டாம். "பெட்டியில் நாங்கள் பதிவு செய்த எண்ணும் படத்தில் உள்ள எண்ணும் வேறாக உள்ளன, பொருள் வந்ததும் சரிபார்த்துச் சொல்கிறோம்" என்பது போதும்.