நான்கு மணி நேரப் புனிதம்

புனித இடம் சாதாரண வெளியிலிருந்து பிரிந்து நிற்பது, அதற்கு ஒரு மையம் உண்டு என்றார் மத வரலாற்றறிஞர் மிர்ச்சா எலியாடே. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் இது சரி. ஊர்வலம் போகும் கடைத்தெருவில் அந்த மையம் எங்கே? தோளில் சுமந்து வரப்படும் திருவுருவம்தான் மையம்; அது நகர நகர மையமும் நகர்கிறது.

மாலை ஐந்து மணிக்குப் போலீசார் தடுப்புகளை இழுத்துப் போடுகிறார்கள். எல்லைக்கோட்டை வரைவது பக்தரல்லர், போக்குவரத்துத் துறை! சிக்னல் விளக்கு பச்சைக்கும் சிவப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒரு பெண் தாரில் நிற்கிறார். நேற்று அதே இடத்தில் அவர் பஸ்ஸுக்குக் காத்திருந்திருப்பார்.

இடம் புனிதமாக இருப்பதால் சடங்கு அங்கே நடப்பதில்லை, சடங்கே இடத்தைப் புனிதமாக்குகிறது என்ற மத ஆய்வாளர் ஜோனதன் ஸ்மித்தின் பார்வை இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனால் அவரும் தெருவின் சண்டையை முழுதாக விளக்கிவிடவில்லை என்பது என் எண்ணம். எந்தத் தெரு வழியாகப் போவது, எந்தத் தெருவைத் தவிர்ப்பது என்பதில் அதிகாரம் ஒளிந்திருக்கிறது. வேற்று மதத்தவர் வாழும் தெருவில் அதே மேளம் உரிமைக் குரலாகவும் மிரட்டலாகவும் கேட்கக்கூடும்.

ஒன்பது மணிக்குத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். நசுங்கிய பூக்கள் குப்பை வண்டிக்குள் போகின்றன. முதல் பஸ் தடுப்பைத் தாண்டுகிறது.