விண்ணப்பக் கெடு ஏடு: முதுநிலைப் படிப்பு, 2027 இலையுதிர்ப் பருவம்

கடைசியாகத் திருத்தியது: 2026 ஜூலை 20. அக்காவும் இதைத் திறந்து பார்க்கிறாள். எதுவாவது தேதி தாண்டிப் போனால் போன் போட்டுத் திட்ட அவளுக்கு முழு உரிமை உண்டு.

கெடுக்கள்

முதல் தேதி பல்கலைக்கழகம் சொன்னது, இரண்டாவது என்னுடையது. போனில் அலாரம் என் தேதிக்குத்தான். அங்கே இரவு 11:59 என்றால் அது யார் ஊர் நேரம் என்று குழம்புவதைவிட, அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அமெரிக்கா 1: டிசம்பர் 1 / நவம்பர் 22
கனடா: டிசம்பர் 15 / நவம்பர் 14
அமெரிக்கா 2: டிசம்பர் 15 / டிசம்பர் 5
நெதர்லாந்து: 2027 ஜனவரி 15 / ஜனவரி 5
ஜெர்மனி: 2027 மே 31 / மார்ச் 25

கனடாவுக்கு மட்டும் ஒரு மாதம் முன்னால் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: விண்ணப்பத்தை அனுப்பிக் கட்டணமும் கட்டிய பிறகுதான் பரிந்துரையாளர்களுக்கு இணைப்பு போகும். கடிதத்துக்கும் அதே டிசம்பர் 15தான் கெடு. நான் கடைசி நாளில் அனுப்பினால் பேராசிரியருக்கு ஒரு ராத்திரிதான் மிஞ்சும். ஜெர்மனி விண்ணப்பம் யூனி-அசிஸ்ட் வழியாகப் போகிறது. அவர்கள் சரிபார்க்க வாரக்கணக்கில் ஆகும், முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ.

தேர்வுகள்

ஆகஸ்ட் 8, ஐஈஎல்டிஎஸ், கணினி வழி. மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், அதனால் எல்லா இடத்துக்கும் போதும்.
நினைவூட்டல், ஆகஸ்ட் 1: "பதிவில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறாயா, பார்."

செப்டம்பர் 12, ஜிஆர்இ. அமெரிக்கா இரண்டுக்கும் மட்டும். சொதப்பினால் மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும், ஆக அக்டோபர் 3க்கு முன் முடியாது. அக்டோபர் 10ஐ மனதில் வைத்திருக்கிறேன், இன்னும் பதியவில்லை.
நினைவூட்டல், செப்டம்பர் 11: "தேர்வு நாளில் நான்கு இடங்களுக்கு மதிப்பெண் இலவசமாக அனுப்பலாம். இரண்டு பல்கலைக்கழகக் குறியீட்டு எண்களையும் மனப்பாடம் செய்."

பரிந்துரைக் கடிதங்கள்

என் கையில் இல்லாதது இது ஒன்றுதான், அதனால் இதற்குத்தான் அதிக அலாரம். மூன்று பேர்: ப்ராஜெக்ட் வழிகாட்டிய பேராசிரியர், அல்காரிதம் எடுத்த மேடம், இன்டர்ன்ஷிப் மேலாளர். நேரில் கேட்டாயிற்று, மூவருக்கும் சம்மதம். மேலாளர் வேலை மாறப்போவதாகப் பேச்சு. அலுவலக மெயில் முகவரி செல்லாமல் போவதற்குள் புதியதை வாங்க வேண்டும்.

செப்டம்பர் 20: ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல், கெடு அட்டவணை மூன்றையும் ஒரே மெயிலில் மூவருக்கும் அனுப்பு.
அக்டோபர் 12: அமெரிக்கா 1 தளத்தில் முகவரிகளைப் பதி. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறேன் என்ற பெட்டியை டிக் செய்.
அக்டோபர் 14: இணைப்பு வந்ததா என்று மூவரிடமும் கேள். ஸ்பாமிலும் பார்க்கச் சொல். அக்காவுக்கு ஒரு கடிதம் அங்கேதான் மூன்று வாரம் தூங்கியது.
நவம்பர் 10: தளத்தில் இன்னும் வராதவர்களுக்கு மட்டும் கீழே உள்ள மெயில்.

"வணக்கம் சார். நான் விண்ணப்பிக்கும் முதல் பல்கலைக்கழகத்தின் கெடு டிசம்பர் 1. உங்கள் கடிதம் இன்னும் பதிவேறவில்லை என்று தளம் காட்டுகிறது. நவம்பர் 20க்குள் முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், உடனே மறுபடி அனுப்பச் செய்கிறேன். ப்ராஜெக்ட் அறிக்கையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றி சார்."

மேடத்துக்கு அனுப்பும்போது 'சார்' இரண்டையும் மாற்று. ப்ராஜெக்ட் வரியை எடு.

ஆவணங்கள்

ஆகஸ்ட் 17: கல்லூரி அலுவலகத்தில் அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியலுக்கு மனு. முத்திரையிட்ட உறை நான்கு கேள். உறையைப் பிரிக்காதே.
ஆகஸ்ட் 24: அலுவலகத்துக்கு மறுபடி போ. (கட்டாயம் போக வேண்டியிருக்கும்.)
செப்டம்பர் 27: நோக்க அறிக்கை முதல் வரைவு அக்காவுக்கு.
அக்டோபர் 25: இறுதி வரைவு. ஒவ்வொரு பிரதியிலும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிப் பார். கனடாவுக்குப் போகும் அறிக்கையில் நெதர்லாந்துப் பேராசிரியரைப் புகழ்ந்தால் கதை முடிந்தது.
நவம்பர் 1: பாஸ்போர்ட் 2027 நவம்பரில் முடிகிறது, புதுப்பிக்க மனு. எண் மாறினால் தளங்களிலும் மாற்று.

அனுப்பிய பிறகு

டிசம்பர் 8, டிசம்பர் 18, ஜனவரி 8: எல்லாத் தளத்திலும் உள்நுழைந்து மதிப்பெண், கடிதம், கட்டணம் மூன்றும் பதிவாகியிருக்கிறதா என்று பார். மெயில் வரும் என்று காத்திருக்காதே.
2027 ஏப்ரல் 15: நிதியுதவியோடு இடம் கிடைத்தால் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் நாள். அதற்கு முன் அவசரப்படுத்தினால் அக்காவிடம் பேசிவிட்டுத்தான் பதில்.